சேர்ந்து தோற்கும் வித்தை

ஒரு சிறையில் 100 கைதிகள். ஒவ்வொருவருக்கும் 1 முதல் 100 வரை ஓர் எண் உண்டு. சிறை அதிகாரி ஒரு தனி அறையில் 100 பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேலும் 1 முதல் 100 வரை எழுதியிருக்கிறார். அதே எண்களை 100 சீட்டுகளில் எழுதி, நன்றாகக் குலுக்கி, பெட்டிக்கு ஒன்றாகப் போட்டு மூடிவிட்டார். கைதிகள் ஒருவர் பின் ஒருவராக அந்த அறைக்குள் போக வேண்டும். போகிறவர் 50 பெட்டிகள் வரை திறந்து பார்க்கலாம். அதற்குள் தன் எண் எழுதிய சீட்டைக் கண்டுபிடித்துவிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே மூடிவிட்டு வேறு வாசல் வழியாக வெளியேற வேண்டும். வெளியே காத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, சைகையும் கூடாது. நூறு பேரும் கண்டுபிடித்தால் நூறு பேருக்கும் விடுதலை. ஒரே ஒருவர் தவறவிட்டாலும் அத்தனை பேருக்கும் மரண தண்டனை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மட்டும் அவர்கள் கூடிப் பேசிக்கொள்ளலாம்.

என்ன பேசினால்தான் என்ன பயன் என்று தோன்றும். நூற்றில் ஐம்பது பெட்டியைத் திறக்கும் ஒருவருக்குத் தன் சீட்டு கிடைக்கும் வாய்ப்பு சரிபாதி. நாணயம் சுண்டுவது போலத்தான். ஆளாளுக்குத் தோன்றிய பெட்டிகளைத் திறந்தால், 100 முறை சுண்டி 100 முறையும் தலையே விழுவதற்கு ஒப்பாகும். 127-க்குப் பின்னால் 28 பூஜ்ஜியங்களைப் போட்டால் வரும் எண்ணிக்கையில் ஆடினால், ஏறத்தாழ ஒருமுறை வெல்லலாம். பிரபஞ்சம் தோன்றிய நாளிலிருந்து நொடிக்கு ஒரு கோடி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாலும் இதுவரை ஒருமுறைகூட வென்றிருப்போம் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. அதன்படி நடந்தால் நூறு பேரும் தப்பிக்கும் வாய்ப்பு 31 சதவீதத்துக்கும் மேல். சீட்டுகளைத் தொடாமல், ஒருவருக்கொருவர் எதுவும் சொல்லாமல், ஒரு பெட்டிகூட அதிகமாகத் திறக்காமல் இது நடக்கிறது. முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டு ஒப்புக்கொண்ட பிறகும் மனம் ஒப்பவில்லை. கடைசியில் பத்துக் காலித் தீப்பெட்டிகளை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள், ஒன்பதாம் வகுப்பு படிப்பவள், துணைக்கு வந்தாள்.

வழி இதுதான். உள்ளே போகிறவர் முதலில் தன் எண்ணுள்ள பெட்டியைத் திறக்க வேண்டும். அதிலுள்ள சீட்டு தன்னுடையது என்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால், அந்தச் சீட்டில் எந்த எண் இருக்கிறதோ அந்த எண்ணுள்ள பெட்டியைத் திறக்க வேண்டும். அதிலுள்ள சீட்டு இன்னொரு பெட்டியைக் காட்டும். இப்படிச் சீட்டு காட்டும் வழியிலேயே போய்க்கொண்டிருக்க வேண்டும்.

“நம்ம நம்பர் நம்ம பெட்டியிலதான் இருக்கும்னு என்ன நிச்சயம் மாமா?” என்றாள் அவள். நிச்சயம் எதுவுமில்லை. அந்தப் பெட்டி தொடங்கும் இடம், அவ்வளவுதான். அங்கே தொடங்குவதால் என்ன கிடைக்கிறது என்பதை ஆடிப் பார்த்தால்தான் புரிகிறது.

எங்கள் ஆட்டத்தில் 10 பேர், 10 தீப்பெட்டிகள். ஒருவர் 5 திறக்கலாம். அவள் சீட்டுகளைக் குலுக்கிப் போட்டாள். ஒருமுறை வந்த அமைப்பைக் குறித்து வைத்திருக்கிறேன். 1-ஆம் பெட்டியில் 7, 2-இல் 4, 3-இல் 9, 4-இல் 10, 5-இல் 5, 6-இல் 3, 7-இல் 1, 8-இல் 6, 9-இல் 8, 10-இல் 2.

2-ஆம் ஆள் உள்ளே போகிறார். 2-ஆம் பெட்டியைத் திறந்தால் 4. 4-ஆம் பெட்டியில் 10. 10-ஆம் பெட்டியில் 2, அவருடைய சீட்டு. மூன்றே திறப்பில் முடிந்தது. 4-ஆம் ஆள் போனால் 4, 10, 2 என்று அதே மூன்று பெட்டிகளைத்தான் சுற்றுவார். 10-ஆம் ஆளுக்கும் அதே மூன்று. இந்த மூன்று பெட்டிகளும் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு ஒரு வளையமாக இருக்கின்றன. 3, 9, 8, 6 என்பது நான்கு பெட்டிகள் கொண்ட இன்னொரு வளையம். 1-உம் 7-உம் இருவர் வளையம். 5 தன்னையே சுட்டிக்கொண்டு தனியாக நிற்கிறது. மிக நீளமான வளையத்திலும் நான்கே பெட்டிகள் என்பதால் பத்துப் பேரும் ஐந்து திறப்புக்குள் தங்கள் சீட்டைக் கண்டுவிடுவார்கள்.

அவள் விடவில்லை. “போற வழியில வேற ஒரு சுத்துல மாட்டிக்கிட்டு, நம்ம பெட்டிக்குத் திரும்பாமலே அங்கேயே சுத்திக்கிட்டிருந்தா?” நல்ல கேள்வி, இந்த வழியின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நான் 2-இல் தொடங்கி, வழியில் எங்கோ 8, 6 என்று போய், மறுபடி 8-க்கே திரும்பிவிட்டேன் என்று வையுங்கள். அப்படியானால் 8-ஆம் பெட்டியைச் சுட்டும் சீட்டு இரண்டு இருக்க வேண்டும். முதல் தடவை என்னை அங்கே கொண்டுவந்த சீட்டு ஒன்று, இரண்டாம் தடவை கொண்டுவந்தது இன்னொன்று. ஆனால் 8 என்று எழுதிய சீட்டு ஒன்றே ஒன்றுதான் உண்டு. எனவே நடுவில் எங்கும் சுழன்று சிக்க முடியாது. வழி மூடிக்கொள்ள ஒரே இடம், நான் தொடங்கிய பெட்டிதான். அந்தப் பெட்டிக்குத் திரும்பச் சொல்லும் சீட்டு எதுவோ அதுதான் என் எண் எழுதிய சீட்டு. அதாவது, தன் பெட்டியில் தொடங்கியவர் தன் சீட்டு இருக்கும் வளையத்தில்தான் எப்போதும் நடக்கிறார். அங்கே போய்ச் சேர ஐம்பது திறப்பு போதுமா என்பது மட்டுமே கேள்வி.

ஆகவே நூறு பேரின் தலைவிதி ஒரே ஒரு விஷயத்தில் அடங்கிவிடுகிறது: 50-ஐவிட நீளமான வளையம் உள்ளே இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் அத்தனை பேருக்கும் விடுதலை. 51 பெட்டிகளோ அதற்கு மேலோ உள்ள வளையம் இருந்துவிட்டால், அதில் உள்ள அத்தனை பேரும் தவறவிடுவார்கள்.

இனி 31 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். பள்ளிக் கணக்கே போதும். முதலில் ஒரே ஒரு கைதியை எடுத்துக்கொள்வோம். முதல் பெட்டியிலேயே அவர் சீட்டு இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்று. அது தவறினால் மிச்சமுள்ள 99 பெட்டிகளில் ஏதோ ஒன்றில் அவர் சீட்டு இருக்கிறது. இரண்டாம் திறப்பில் கிடைக்க வாய்ப்பு 99-இல் ஒன்று. முதலில் தவறவும் வேண்டும் என்பதால் 99/100-ஐ 1/99-ஆல் பெருக்குகிறோம். மறுபடியும் நூற்றில் ஒன்றே வருகிறது. மூன்றாம் திறப்புக்கும் அதே நூற்றில் ஒன்று, நூறாம் திறப்புக்கும் அதேதான். ஆக, ஒருவர் 1 பெட்டி வளையத்தில் இருப்பதற்கும், 60 பெட்டி வளையத்தில் இருப்பதற்கும், 100 பெட்டி வளையத்தில் இருப்பதற்கும் வாய்ப்பு ஒன்றேதான். ஐம்பதுக்குள் அடங்கும் வாய்ப்பு சரிபாதி. தனி ஆளாகப் பார்த்தால் இந்த வழியால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு 50 பெட்டிகளைத் திறந்திருந்தாலும் இதே பாதிதான் கிடைத்திருக்கும்.

அப்படியானால் லாபம் எங்கே இருக்கிறது? 60 பெட்டி வளையம் ஒன்றை மட்டும் கவனிப்போம். இந்த ஆட்டத்தை 6,000 தடவை ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கைதி சராசரியாக 60 ஆட்டங்களில் 60 பெட்டி வளையத்தில் மாட்டுவார். நூறு கைதிகளுக்கும் சேர்த்துக் கூட்டினால் 6,000 மாட்டல்கள். ஆனால் 60 பெட்டி வளையம் வரும்போது அதில் ஒருவர் மட்டும் மாட்டுவதில்லை. அறுபது பேர் ஒன்றாக மாட்டுகிறார்கள். ஒரே ஆட்டத்தில் அப்படி இரண்டு வளையங்கள் வரவும் இடமில்லை, மொத்தமே நூறு பெட்டிதான். எனவே 6,000 மாட்டல்களும் 100 ஆட்டங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. 6,000-இல் 100 என்றால் 60-இல் ஒன்று. இதே போல 51 பெட்டி வளையம் வர வாய்ப்பு 51-இல் ஒன்று, 52 வர 52-இல் ஒன்று என்று போய், நூறும் ஒரே வளையமாக வர நூற்றில் ஒன்று. 1/51, 1/52 என்று தொடங்கி 1/100 வரை கூட்டினால் 0.688 வருகிறது. அது தோல்வி. மீதி 0.312 வெற்றி.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த 6,000 மாட்டல்கள் 100 ஆட்டங்களுக்குள் ஒடுங்கும் இடம்தான். தோல்விகளின் மொத்த எண்ணிக்கை குறையவே இல்லை. எந்த வழியில் ஆடினாலும் சராசரியாக 50 பேர் கண்டுபிடிப்பார்கள், 50 பேர் தவறவிடுவார்கள். மனம் போனபடி திறந்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஐம்பதுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். ஒருமுறை 47 பேர், இன்னொரு முறை 54 பேர் கண்டுபிடிப்பார்கள். நூறை எட்டுவது நடக்காத காரியம். சீட்டு காட்டிய வழியில் போனால் 50 என்பதே அபூர்வம். சரியாகச் சொன்னால் ஐம்பது முதல் தொண்ணூற்றொன்பது வரை எந்த எண்ணும் வராது. ஒன்று நூறு பேரும் கண்டுபிடிப்பார்கள், இல்லாவிட்டால் 49-க்கு மேல் போகாது. தோற்கும் நாளில் ஐம்பத்தோரு பேர், எண்பது பேர், சில சமயம் நூறு பேரும் சேர்ந்தே தோற்கிறார்கள். அப்படிச் சேர்ந்து தோற்பதால்தான் மற்ற நாட்களில் எல்லாரும் சேர்ந்து வெல்ல இடம் கிடைக்கிறது.

எங்கள் பத்துத் தீப்பெட்டி ஆட்டத்தில் 1/6 முதல் 1/10 வரை கூட்டினால் தோல்வி 0.646, வெற்றி 35 சதவீதம். அன்று மாலை நாங்கள் பத்து ஆட்டம் ஆடி நான்கில் வென்றோம். மனம் போனபடி ஆடியிருந்தால் 1,024-இல் ஒரு ஆட்டம்தான் கிடைத்திருக்கும்.

கைதிகள் பெருகப் பெருக வாய்ப்பு மங்கிப் போகும் என்று நினைப்போம். அதுவும் நடப்பதில்லை. 200 கைதிகள், 100 திறப்பு என்றால் 1/101 முதல் 1/200 வரை கூட்ட வேண்டும். கூட்ட வேண்டிய பின்னங்கள் இரு மடங்காகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் ஏறக்குறையப் பாதியாகச் சிறுத்துவிடுகிறது. எனவே கூட்டுத்தொகை ஊர்ந்து ஊர்ந்து ஏறி 0.6931 என்ற எல்லையை நெருங்குமே தவிரத் தாண்டாது. 2-இன் இயல் மடக்கை என்று பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த எண் நினைவிருக்கலாம். பத்து லட்சம் கைதிகள் இருந்தாலும், ஒருவருக்குப் பாதிப் பெட்டிகளைத் திறக்க விட்டால், எல்லாரும் தப்பிக்கும் வாய்ப்பு 30.68 சதவீதத்துக்குக் கீழே இறங்காது.

இந்தப் புதிர் பிறந்தது கணினியியல் ஆய்வுக் கட்டுரை ஒன்றில். ஒரு தகவல் தொகுப்பை மிகக் குறைந்த இடத்தில் சேமித்துவைத்தால், அதில் ஒன்றைத் தேடி எடுக்க எத்தனை இடங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அன்னா கால், பீட்டர் ப்ரோ மில்டர்சன் இருவரும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 2003-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையில் இதன் மூல வடிவம் இருக்கிறது. அதில் சிறையும் இல்லை, தண்டனையும் இல்லை. சீட்டுகளில் பெயரோடு சிவப்போ நீலமோ நிறம் இருக்கும். சில பெட்டிகள் காலியாகவும் இருக்கலாம். பாதிப் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொருவரும் தன் நிறத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஆட்கள் கூடக் கூட வெல்லும் வாய்ப்பு விரைவாகப் பூஜ்ஜியத்தை நோக்கிப் போய்விடும் என்றுதான் மில்டர்சனே முதலில் எண்ணியிருந்தார். காலிப் பெட்டிகள் இல்லாத வடிவத்தில் சீட்டு காட்டும் வழியே போனால் என்ன என்று அவருக்கு எடுத்துக்காட்டியவர் உடன் பணியாற்றிய ஸ்வென் ஸ்கியூம். கட்டுரையில் அந்த வழியை விளக்காமல், வாசகர்களுக்குப் பயிற்சிக் கணக்காக விட்டுவிட்டார்கள். காலிப் பெட்டி ஒன்று குறுக்கே வந்தால் வளையம் அறுந்துவிடும் என்பதை நினைத்தால், நூறு பெட்டிக்கு நூறு சீட்டு என்ற ஏற்பாட்டின் அருமை தெரிகிறது.

இதைவிட நல்ல வழி உண்டா என்று தேடிப் பலர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கலாம். 2006-இல் யூஜின் கர்ட்டினும் மேக்ஸ் வார்ஷவரும் இல்லை என்று நிறுவினார்கள். அவர்கள் யோசித்த விதம் எளிமையானது. கைதிகளுக்குச் சலுகை தந்து ஆட்டத்தைச் சுலபமாக்குவோம். திறந்த பெட்டியை மூட வேண்டாம், எல்லாரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கட்டும். தன் எண் ஏற்கெனவே வெளியே தெரிந்துவிட்டவர் எதையும் திறக்க வேண்டியதில்லை. தெரியாதவர் மட்டும் மூடிய பெட்டிகளில் தன் சீட்டு கிடைக்கும்வரை திறக்கட்டும், ஐம்பதுக்கு மிகாமல். இந்த ஆட்டத்தில் உத்தி என்று ஒன்றுக்கே வேலை இல்லை. மூடிய பெட்டிகளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது என்பதால் எதைத் திறந்தாலும் ஒன்றுதான். வெற்றி வாய்ப்பு எப்படி ஆடினாலும் மாறாது. அந்த வாய்ப்பு எவ்வளவு? வளையத்தின் வழியே ஆடிப் பார்த்தால், அதே 0.312. சலுகை தந்த ஆட்டத்திலேயே அதற்கு மேல் போக முடியவில்லை என்றால், சலுகை இல்லாத ஆட்டத்தில் யார் என்ன தந்திரம் செய்தாலும் முடியாது.

நடைமுறையில் இந்த வழி எங்கே உடையும்? முதல் ஆபத்து, கைதிகளில் ஒரே ஒருவர் “நான் என் மனசுக்குப் பட்டதைத்தான் திறப்பேன்” என்று அடம்பிடிப்பது. அவருக்கு அதனால் நஷ்டமில்லை, அவருடைய வாய்ப்பு அதே பாதிதான். ஆனால் மற்ற 99 பேரும் சேர்ந்து வெல்லும் நாளில் இவர் தனியாக நாணயம் சுண்டிக்கொண்டிருப்பார். 31 சதவீதம் 15.6 ஆகிவிடும். இரண்டு பேர் அப்படிச் செய்தால் 7.8. தோற்பதையும் மற்றவர்களோடு சேர்ந்து தோற்க வேண்டும் என்பதை அவர் மறந்ததால் வரும் வினை இது.

இரண்டாவது ஆபத்து சிறை அதிகாரி. கைதிகள் பேசியதை ஒட்டுக்கேட்டுவிட்டார் என்று வையுங்கள். சீட்டுகளைக் குலுக்காமல் 1-ஆம் பெட்டியில் 2, 2-ஆம் பெட்டியில் 3 என்று போட்டுக்கொண்டே போய், நூறாம் பெட்டியில் 1-ஐப் போட்டால் போதும். நூறும் ஒரே வளையமாகி, நூறு பேரும் தவறவிடுவார்கள். இதற்கு மாற்று கைதிகள் கையில் இருக்கிறது. பெட்டிகளின் மேலுள்ள எண்களை நம்பாமல், தாங்களே நூறு எண்களையும் குலுக்கி ஒரு ரகசியப் பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். அதிகாரி 1 என்று எழுதிய பெட்டி நமக்கு 73, அவர் 2 என்றது நமக்கு 18 என்று எல்லாரும் ஒரே பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டால், அவர் எப்படி அடுக்கினாலும் கைதிகளின் கணக்கில் அது குலுக்கிய சீட்டாகவே இருக்கும். பழைய 31 சதவீதம் திரும்பிவிடும்.

அறையின் நடுவில் நிற்கும் கைதிக்கு நிலவரம் ஏதாவது தெரியுமா? ஓரளவு தெரியும். முதலில் போனவருக்குச் சீட்டு கிடைத்துவிட்டால் மொத்த வெற்றியின் வாய்ப்பு அப்போதே 62 சதவீதம். ஐம்பதாவது திறப்பில், கடைசி நொடியில் கிடைத்தது என்றால் இன்னும் நல்லது. அவருடைய வளையத்துக்குள் சரியாக 50 பெட்டிகள் போய்விட்டன, வெளியே இருப்பதும் 50தான். அதற்குள் எத்தனை வளையங்கள் இருந்தாலும் ஒன்றும் ஐம்பதைத் தாண்ட முடியாது. நூறு பேருக்கும் விடுதலை உறுதி என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். வெளியே காத்திருக்கும் 99 பேரிடம் அதைச் சொல்ல அவருக்கு வழியில்லை.

அக்கா மகளிடம் கடைசியாக ஒரு வேலை செய்தேன். முன்னே சொன்ன அந்த அமைப்பை மறுபடி அடுக்கி, 2-ஆம் பெட்டியிலும் 3-ஆம் பெட்டியிலும் இருந்த சீட்டுகளை மட்டும் இடம் மாற்றிவைத்தேன். இப்போது 2-இல் 9, 3-இல் 4. அவள் 2-இலிருந்து தொடங்கினாள்: 9, 8, 6, 3, 4 என்று போய் ஐந்து திறப்பும் தீர்ந்துவிட்டது. அவளுக்குச் சீட்டு கிடைக்கவில்லை. மூன்று பெட்டி வளையமும் நான்கு பெட்டி வளையமும் ஒட்டிக்கொண்டு ஏழு பெட்டி வளையமாகிவிட்டன. ஏழு பேர் ஒரே அடியில் தோற்றார்கள்.

இரண்டு சீட்டை மாற்றினால் வளையங்கள் ஒட்டும் என்றால், அறுக்கவும் செய்யும் அல்லவா? கைதிகளுக்கு முன்னால் அன்புள்ள ஒருவர் அறைக்குள் போய், நூறு பெட்டிகளையும் திறந்து பார்த்து, இரண்டே இரண்டு சீட்டுகளை மட்டும் இடம் மாற்ற அனுமதி இருந்தால் நூறு பேரும் தப்பிப்பது உறுதி. ஐம்பதைத் தாண்டிய வளையம் ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது. அதில் எதிரெதிரே உள்ள இரண்டு பெட்டிகளின் சீட்டுகளை மாற்றினால் அது நடுவே அறுந்து இரண்டாகும். நூறு பெட்டியும் ஒரே வளையமாக இருந்தாலும் ஐம்பது ஐம்பதாகப் பிரிந்துவிடும்.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் 2-ஆம் தீப்பெட்டியையும் 3-ஆம் தீப்பெட்டியையும் திறந்து, 9-ஐயும் 4-ஐயும் பழையபடி மாற்றி வைத்துவிட்டிருந்தாள். மறுபடி 2-இலிருந்து தொடங்கினாள். 4, 10, மூன்றாவது பெட்டியில் 2.